ஒன்று ‘பலன் உண்டு’, இன்னொன்று ‘பலன் இல்லை’: ரத்த அழுத்த இலக்கு 120 பற்றி எப்படி எழுதுவது?

நிலாமதி (இழையைத் தொடங்கியவர்)

பொது வாசகர்களுக்கான ஒரு மருத்துவக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். பிரஷரின் மேல் எண்ணை 140-க்குக் கீழே வைத்தால் போதுமா, மருந்தைக் கூட்டி 120-க்குக் கீழே இறக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. இரண்டு பெரிய ஆய்வுகள் இதே இரண்டு இலக்குகளை ஒப்பிட்டிருக்கின்றன. இரண்டுக்கும் அமெரிக்க அரசின் அதே இதய ஆய்வு நிறுவனம்தான் பணம் கொடுத்தது, இரண்டிலும் யார் எந்தப் பிரிவு என்பது குலுக்கல் முறையில்தான் முடிவானது. ஆனால் முடிவு வேறு. என் வரைவுப் பத்தி இது:

“2010-இல் வெளியான அக்கார்ட் ஆய்வு, 120 என்ற இலக்கால் பலன் இல்லை என்று நிரூபித்தது. 2015-இல் ஸ்பிரிண்ட் ஆய்வு அதை மறுத்து, பலன் உண்டு என்று நிரூபித்தது. நிபுணர்கள் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள்.”

எண்கள்: ஸ்பிரிண்டில் 9,361 பேர், இதய நிகழ்வுகளின் அபாய விகிதம் 0.75, அதாவது 120 இலக்குப் பிரிவில் அபாயம் கால் பங்கு குறைவு. தரவோடு ஒத்துப்போகும் மதிப்புகளின் எல்லையான 95% இடைவெளி 0.64 முதல் 0.89 வரை. அக்கார்டில் 4,733 பேர், விகிதம் 0.88, இடைவெளி 0.73 முதல் 1.06 வரை. அக்கார்டில் இருந்த எல்லோருக்கும் சர்க்கரை நோய். ஸ்பிரிண்டில் சர்க்கரை நோயாளிகளைச் சேர்க்கவே இல்லை. இந்தப் பத்தி இரு பக்கத்துக்கும் நியாயமாக இருக்கிறதா?

---

சுட்டெரி

நியாயம் என்ன நியாயம்? 9,361 பேர் ஒரு பக்கம், 4,733 பேர் இன்னொரு பக்கம். ஏறத்தாழ இரண்டு மடங்கு. பெரிய ஆய்வு சொல்வதை எழுதிவிட்டு, சின்னதை ஒரு வரியில் முடிங்க. பழசு, சின்னது, தோற்றுப்போன ஆய்வு. ரெண்டுக்கும் சம இடம் கொடுத்தா அதுதான் வாசகனைக் குழப்புறது.

---

எண்ணாயிரம்

நிலாமதி, பத்தியில் மூன்று வாக்கியம், மூன்றிலும் சிக்கல். முதலில் அடிப்படையானதைப் பார்ப்போம்: இந்த இரண்டு ஆய்வும் முரண்படுகின்றனவா?

ஒன்றில் வேறுபாடு புள்ளியியல்படி உறுதியானது, இன்னொன்றில் உறுதியாகவில்லை. இதை வைத்து இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர் என்று சொல்ல முடியாது. அக்கார்டின் இடைவெளியை இன்னொரு முறை பாருங்கள். 0.73-இல் தொடங்குகிறது. அதாவது 27 சதவீதம் குறைவதும் அந்தத் தரவோடு ஒத்துப்போகும், 6 சதவீதம் கூடுவதும் ஒத்துப்போகும். ஸ்பிரிண்ட் கண்ட 0.75 அந்த இடைவெளிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அப்புறம் எப்படி ஒன்று இன்னொன்றை மறுத்தது என்று எழுதுவது?

கண்ணால் பார்த்துவிட்டு விடவும் கூடாது. இரண்டு இடைவெளிகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தாலும் வேறுபாடு உண்மையாக இருக்கலாம். எனவே வேறுபாட்டையே நேராகச் சோதிக்க வேண்டும். கட்டுரையில் அச்சான எண்களே போதும். விகிதங்களை மடக்கைக்கு மாற்றுங்கள். இடைவெளியின் அகலத்தை 3.92-ஆல் வகுத்தால் திட்டப் பிழை கிடைக்கும். இரண்டு திட்டப் பிழைகளையும் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் வேறுபாட்டின் திட்டப் பிழை.

```r
se <- function(lo, hi) (log(hi) - log(lo)) / 3.92
d  <- log(0.88) - log(0.75)
s  <- sqrt(se(0.64, 0.89)^2 + se(0.73, 1.06)^2)
z  <- d / s
2 * pnorm(-abs(z))
```

வேறுபாடு 0.160, அதன் திட்டப் பிழை 0.127. ஒன்றை இன்னொன்றால் வகுத்தால் 1.26, பி மதிப்பு 0.21 அளவில் வரும். இரண்டு ஆய்வுகளிலும் உண்மையான பலன் ஒரே அளவாக இருந்திருந்தால்கூட, இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வர ஐந்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. முரண் என்று தலைப்பு போட இது போதாது.

சுட்டெரி, ஆளெண்ணிக்கையை வைத்து எடை போட்டீர்கள். இந்த வகை ஆய்வில் எடை தருவது எத்தனை பேருக்கு மாரடைப்பு போன்ற நிகழ்வு நடந்தது என்பதுதான். ஸ்பிரிண்டில் மொத்தம் 562, அக்கார்டில் 445. இரண்டு மடங்கு எங்கே போனது பாருங்கள்.

---

சுட்டெரி

நிகழ்வுக் கணக்கு சரி, ஒத்துக்கிறேன். ஆனா அக்கார்ட் ஆய்வாளர்களே “குறைக்கவில்லை”ன்னுதான் முடிவுரையில எழுதினாங்க. அவங்க சொன்னதை நிலாமதி எழுதினா அதுல என்ன தப்பு?

---

எண்ணாயிரம்

முடிவுரை அவர்களுடைய வாசிப்பு, எண்கள் அவர்களுடைய தரவு. இரண்டும் ஒன்றாகப் போகாத இடத்தில் எழுதுகிறவர் எண்ணின் பக்கம் நிற்க வேண்டும். “ஆய்வாளர்கள் பலன் இல்லை என முடிவு செய்தார்கள், ஆனால் அவர்களது தரவு கால் பங்கு அபாயம் குறைவதற்கும் இடம் வைத்திருந்தது” என்று எழுதினால் இரண்டுமே வந்துவிடும்.

---

துடிப்பு

அந்த இடைவெளி ஏன் அவ்வளவு அகலமாக இருந்தது என்பதையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் அக்கார்ட் மோசமாக நடத்தப்பட்ட ஆய்வு என்ற எண்ணம் வரும். திட்டமிட்டபோது 140 இலக்குப் பிரிவில் ஆண்டுக்கு 4 சதவீதம் பேருக்கு நிகழ்வு நடக்கும் என்று எதிர்பார்த்தார்கள். நடந்தது 2.09 சதவீதம். பங்கேற்பாளர்கள் எதிர்பார்த்ததைவிட நலமாக இருந்தார்கள், அவ்வளவுதான். நிகழ்வு பாதியானால் ஆய்வின் கண்பார்வையும் மங்கும்.

அடுத்தது எதை எண்ணினார்கள் என்பது. அக்கார்டின் முதன்மை முடிவில் மூன்றே மூன்று: மாரடைப்பு, பக்கவாதம், இதய ரத்தநாளக் காரணத்தால் மரணம். ஸ்பிரிண்டில் இந்த மூன்றோடு, மாரடைப்பு வரை போகாத திடீர் இதய ரத்த ஓட்டத் தடையும், முற்றி மருத்துவமனைக்கு வரும் இதயச் செயலிழப்பும் சேர்ந்தன. ஸ்பிரிண்டில் பலன் நன்றாகத் தெரிந்த இடங்களில் ஒன்று அந்த இதயச் செயலிழப்புதான், விகிதம் 0.62. அக்கார்டில் அதைத் தனியாக எண்ணினார்கள், 0.94. ஆனால் அது முதன்மைக் கூட்டில் இல்லை. பெயர் ஒன்று போலத் தெரியும், “முக்கிய இதய நிகழ்வுகள்” என்று. பையைத் திறந்தால் உள்ளே இருப்பது வேறு.

இப்போது பக்கவாதத்தைப் பாருங்கள். ‘பலன் இல்லை’ என்று பெயர் வாங்கிய அக்கார்டில் பக்கவாதம் 0.59-க்கு இறங்கியது, இடைவெளி 0.39 முதல் 0.89 வரை. ‘பலன் உண்டு’ என்ற ஸ்பிரிண்டில் அதே பக்கவாதம் 0.89, இடைவெளி 1.25 வரை நீளுகிறது. பக்கவாதத்தை மட்டும் வைத்துத் தலைப்பு போட்டிருந்தால் இரண்டு ஆய்வும் இடம் மாறியிருக்கும்!

---

கொய்யாமரம்

எனக்கு சுகர் இருக்கு, வீட்டு மெஷின்ல 138 காட்டுது. அப்போ இந்த அக்கார்ட் படி நான் அப்படியே இருக்கலாமா, இல்ல ஸ்பிரிண்ட் படி 120-க்குக் கொண்டுவரணுமா? ரெண்டு வரியில சொன்னா போதும்.

---

துடிப்பு

இந்த இழை எப்படி எழுதுவது என்பதைப் பற்றியது, உங்கள் மருந்தை இங்கே முடிவு செய்ய முடியாது. உங்கள் சிறுநீரகம், வயது, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறதா, இதையெல்லாம் பார்த்து உங்கள் மருத்துவர் சொல்ல வேண்டும்.

ஆனால் உங்கள் கேள்வி ஒரு விஷயத்தை வெளியே கொண்டுவருகிறது. ஆய்வில் சொல்லும் 120 எப்படி அளந்த 120? ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரவைத்து, தானியங்கிக் கருவியில் மூன்று முறை எடுத்து, சராசரி போட்டது. வந்ததும் கையை நீட்டி, பேசிக்கொண்டே ஒரு முறை எடுக்கும் அளவு பெரும்பாலும் இதைவிடக் கூடுதலாக வரும். எத்தனை கூடும் என்பது ஆளுக்கு ஆள் மாறும், எனவே 10 கழித்துக்கொள் என்று சூத்திரமும் கிடையாது. நிலாமதி இதை எழுதாவிட்டால் வாசகர் அவசரமாக எடுத்த அளவை வைத்துக்கொண்டு 120-ஐத் துரத்துவார், மருந்து தேவைக்கு மேல் ஏறும்.

---

சுட்டெரி

அப்போ விஷயம் முடிஞ்சுதே. ஸ்பிரிண்டுல தனியா உட்கார வச்சு அளந்தாங்க, அதனால எண் குறைவா வந்துது. அக்கார்டுல அப்படி இல்ல. வித்தியாசத்துக்குக் காரணம் அளவு முறைதான். இதை எழுதுங்க.

---

துடிப்பு

பாதி சரி. ஸ்பிரிண்டை மற்ற பழைய ஆய்வுகளோடு ஒப்பிடும்போது இந்த வாதம் பேசப்படுகிறது. ஆனால் அக்கார்டும் அதே தானியங்கி முறையில், மூன்று அளவுகளின் சராசரியைத்தான் எடுத்தது. அடைந்த அளவுகளும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: ஓராண்டு முடிவில் அக்கார்டில் 119.3-க்கு 133.5, ஸ்பிரிண்டில் 121.4-க்கு 136.2. இரு பிரிவுக்கும் நடுவே 14, 15 புள்ளி இடைவெளி. மேலும் ஸ்பிரிண்டின் எல்லா மையங்களிலும் தனியாக விட்டு அளக்கவில்லை. பின்னால் மையங்களிடம் கேட்டுப் பார்த்தபோது சிலவற்றில் ஊழியர் பக்கத்திலேயே இருந்தார், அங்கும் பலன் ஏறத்தாழ அதே அளவுதான்.

இரு ஆய்வுகளும் முடிவில் வேறுபட ஒரு காரணம் சொன்னால், அந்தக் காரணம் இரண்டுக்கும் நடுவே உண்மையில் வேறாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். நன்றாகப் பொருந்துகிற மாதிரித் தோன்றும் விளக்கங்கள் பலவும் இந்த இடத்தில்தான் விழும்.

---

நிலாமதி

எல்லாம் புரிகிறது. ஆனால் இப்போது எனக்கு எதிர்ப்பக்கம் சறுக்குவது போலத் தோன்றுகிறது. இரண்டும் ஒத்துப்போகின்றன, சண்டையே இல்லை என்று எழுதிவிடலாமா?

---

எண்ணாயிரம்

கூடாது. உண்மையான வேறுபாடு ஒன்று இருக்கிறது, ஆனால் அது எல்லோரும் பேசும் இடத்தில் இல்லை.

மரணத்தைப் பாருங்கள், எந்தக் காரணத்தாலும் நேர்ந்த மொத்த மரணம். ஸ்பிரிண்டில் 0.73, இடைவெளி 0.60 முதல் 0.90. அக்கார்டில் 1.07, இடைவெளி 0.85 முதல் 1.35. மேலே கொடுத்த அதே நிரலில் எண்ணை மட்டும் மாற்றிப் போட்டால் 2.44 வரும், பி மதிப்பு 0.015 அளவில். இது ‘தற்செயல்’ என்று எளிதில் தள்ளக்கூடிய அளவு அல்ல. ஆக, தலைப்பில் வந்த முதன்மை முடிவில் சண்டை பலவீனம், பலரும் கடந்துபோகும் மரணக் கணக்கில் சண்டை வலுவாக இருக்கிறது.

என் மீதே ஒரு குற்றச்சாட்டு வைக்கிறேன். மரணம், பக்கவாதம், இதயச் செயலிழப்பு, முதன்மை முடிவு என்று நான்கைச் சோதித்துவிட்டு, அதில் பெரிய வேறுபாடு வந்த ஒன்றைத் தூக்கிக் காட்டுகிறேன். நான்கு முறை வலை வீசினால் ஒன்றில் மீன் சிக்கும் வாய்ப்பு கூடும். 0.015-ஐ நான்கால் பெருக்கிக் கடுமையாகப் பார்த்தால் 0.06. எனவே “மரணத்தில் இரு ஆய்வுகளும் வேறுபடுகின்றன என்பதற்குக் குறிப்பிடத்தக்க தடயம் உண்டு” என்பது வரை போகலாம். அதைத் தாண்ட வேண்டாம்.

---

துடிப்பு

மரணத்துக்கு வேறு ஒரு சிக்கலும் உண்டு. அக்கார்டில் இரண்டு சோதனை ஒரே நேரத்தில் ஓடின. பிரஷர் இலக்குக்கு ஒரு குலுக்கல், ரத்தச் சர்க்கரையைக் கடுமையாகக் குறைப்பதற்கு இன்னொரு குலுக்கல். சர்க்கரையைக் கடுமையாகக் குறைத்த பிரிவில் மரணம் கூடியதால் 2008-இல் அந்தப் பகுதியை மட்டும் நிறுத்தினார்கள். அதாவது பிரஷர் இலக்கின் இரு பக்கத்திலும் பாதிப்பேர் அந்தக் கடும் சிகிச்சையில் இருந்தவர்கள். சாதாரண சர்க்கரைக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்த பின்னாளைய ஆய்வில் பிரஷர் இலக்கின் பலன் ஸ்பிரிண்டை நெருங்கியது.

நல்ல தடயம். ஆனால் பின்னால் பிரித்துப் பார்த்தது என்பதால் இதையும் ஒரு படி கீழே வைத்துத்தான் எழுத வேண்டும்.

---

திருத்தாளர்

எழுத்துப் பக்கத்துக்கு வருகிறேன். பத்தியில் எனக்கு உறுத்தும் சொற்கள்: “நிரூபித்தது” இரண்டு முறை, “மறுத்து” ஒரு முறை, “இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள்”. கடைசியதற்கு ஆதாரம் என்ன? எத்தனை நிபுணர்களைக் கேட்டீர்கள்? இரண்டு ஆய்வு இருந்தால் இரண்டு கட்சி இருக்கும் என்று நாமே கற்பித்துக்கொள்கிறோம். ஸ்பிரிண்ட் வேறு மாதிரியான நோயாளிகளை எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். இவர்கள் யாரும் யாரையும் மறுக்கப் புறப்படவில்லை.

‘பலன் இல்லை’, ‘பலன் உறுதிப்படவில்லை’ இரண்டும் தமிழில் ஒரு சொல் வித்தியாசம்தான், பொருளில் மலைக்கும் மடுவுக்கும். இடைவெளி குறுகலாக 1-ஐச் சுற்றி இருந்தால், உதாரணமாக 0.97 முதல் 1.03 வரை, ‘பலன் இல்லை’ என்று தைரியமாக எழுதலாம். 0.73 முதல் 1.06 வரை என்றால் ‘உறுதிப்படவில்லை’.

அடுத்து, ஒரு பக்கத்துக்கு சதவீதம், மறுபக்கத்துக்கு ஆளெண்ணிக்கை என்று கலக்காதீர்கள். “ஸ்பிரிண்டில் 25 சதவீதம் குறைந்தது, அக்கார்டில் ஆயிரத்தில் இரண்டு பேருக்கு மட்டும் பலன்” என்று எழுதினால் ஒவ்வொரு எண்ணும் உண்மை, ஒட்டுமொத்தமாகப் பொய். ஒரே அளவுகோலில் வையுங்கள்: ஆண்டுக்கு ஆயிரம் பேரில் ஸ்பிரிண்டில் 22 நிகழ்வு 16 அல்லது 17 ஆனது. அக்கார்டில் 21 என்பது 19 ஆனது.

பக்கவிளைவிலும் இதே பொறி உண்டு, இன்னும் ஆழமாக. எண்ணாயிரமோ துடிப்போ விளக்கட்டும்.

---

துடிப்பு

ஸ்பிரிண்ட் கட்டுரையில் கடும் பாதக நிகழ்வு என்று தேடினால் முதலில் கிடைப்பது 38.3 சதவீதத்துக்கு 37.1 சதவீதம். அக்கார்டில் தேடினால் 3.3-க்கு 1.3. அவசரக்காரர் இரண்டையும் பக்கத்தில் வைத்து, ஸ்பிரிண்டில் பத்து மடங்கு ஆபத்து என்று எழுதுவார். மற்றொருவர் அதே எண்களை வைத்து, ஸ்பிரிண்டில் இரு பிரிவும் ஏறத்தாழ சமம், ஆபத்தே இல்லை என்பார். இரண்டும் தவறு. 38 என்பது எந்தக் காரணத்தாலும் மருத்துவமனைக்குப் போன எல்லாம் சேர்ந்தது, கால் முறிவு உட்பட. 3.3 என்பது சிகிச்சையால் வந்தது என்று ஆய்வாளர்கள் கருதியவை மட்டும்.

ஸ்பிரிண்டிலும் அந்த இரண்டாவது வகைக் கணக்கு உண்டு, கொஞ்சம் கீழே தேட வேண்டும்: 4.7-க்கு 2.5. ஒப்பிட வேண்டியது அதைத்தான். இப்போது இரு ஆய்வும் ஒரே கதையைச் சொல்கின்றன. ஆய்வுக்காலம் முழுவதிலும் நூற்றுக்கு இரண்டு பேர் கூடுதலாக, சிகிச்சையால் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள். மிகக் குறைந்த அழுத்தம், மயக்கம், உப்புச்சத்துக் குலைவு, சிறுநீரகம் திடீரென்று தளர்வது. பலனில் சண்டை, பாதகத்தில் ஒற்றுமை என்பதை வாசகருக்குச் சொல்லாமல் விட்டால் அதுவே ஒருதலைப்பட்சம்.

---

நிலாமதி

மறுவரைவு:

“120 என்ற இலக்கை 140-ஓடு ஒப்பிட்ட இரண்டு பெரிய ஆய்வுகளில், சர்க்கரை நோய் இல்லாதவர்களிடம் நடந்த ஸ்பிரிண்டில் (2015) இதய நிகழ்வுகள் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 22-இலிருந்து 16 அல்லது 17-ஆகக் குறைந்தன. சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த அக்கார்டில் (2010) 21 என்பது 19 ஆனது. எதிர்பார்த்ததில் பாதி நிகழ்வுகளே நடந்ததால் இந்தக் குறைவு தற்செயலா பலனா என்று அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டும் எண்ணிய நிகழ்வுகளின் பட்டியலும் ஒன்றல்ல. ஸ்பிரிண்டில் மரணம் குறைந்தது, அக்கார்டில் குறையவில்லை. சிகிச்சையால் கடும் பாதிப்பு இரண்டிலும் நூற்றுக்கு இரண்டு பேருக்குக் கூடியது. சர்க்கரை நோய் இருந்ததே இந்த வேறுபாட்டுக்குக் காரணம்.”

---

எண்ணாயிரம்

கடைசி வாக்கியத்தை எடுங்கள். மற்றதெல்லாம் நிற்கும்.

சர்க்கரை நோய் ஒரு வித்தியாசம்தான். கூடவே சராசரி வயது 68-க்கு 62, எண்ணிய நிகழ்வுகள் வேறு, ஒரே நேரத்தில் நடந்த சர்க்கரைச் சோதனை, நிகழ்வு பற்றாக்குறை. ஐந்து விஷயம் ஒரே நேரத்தில் மாறியிருக்கும்போது ஒன்றை மட்டும் காரணம் என்று காட்ட இந்த இரண்டு ஆய்வால் முடியாது. அதற்கு வேண்டியது, சர்க்கரை நோயாளிகளிடம் போதுமான நிகழ்வுகளோடு, இதே இலக்குகளை வைத்து நடத்திய இன்னொரு ஆய்வு.

---

துடிப்பு

அது வந்துவிட்டது. 2024 நவம்பரில் வெளியான பிப்ரோட். சீனாவில் 12,821 பேர், எல்லோருக்கும் இரண்டாம் வகை சர்க்கரை நோய், 120-க்கு 140. விகிதம் 0.79, இடைவெளி 0.69 முதல் 0.90. நிகழ்வுகள் 393-க்கு 492, மொத்தத்தில் அக்கார்டைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. இதயச் செயலிழப்பும் கணக்கில் உண்டு. சர்க்கரை நோய் இருந்தால் பலன் கிடைக்காது என்ற விளக்கம் இதற்குப் பிறகு நிற்பது கடினம்.

---

சுட்டெரி

பாருங்க, கடைசியில நான் முதல்லயே சொன்னதுதான். ஸ்பிரிண்ட் சரி.

---

எண்ணாயிரம்

முடிவு ஒத்துப்போகிறது, நீங்கள் காட்டிய காரணம் ஒத்துப்போகவில்லை. அக்கார்டின் 0.88-ம் பிப்ரோட்டின் இடைவெளிக்குள்தான் இருக்கிறது. பிப்ரோட் அக்கார்டை வீழ்த்தவில்லை. அக்கார்டால் பார்க்க முடியாததைப் பார்த்தது. மேலும் மொத்த மரணத்தில் பிப்ரோட்டிலும் தெளிவான குறைவு இல்லை. மரணம் பற்றிய கேள்வி அங்கேயே நிற்கிறது.

ஸ்பிரிண்டின் மரணக் கணக்கிலும் நான் கொஞ்சம் கை வைப்பேன். சராசரியாக ஐந்தாண்டு தொடர்வதாகத் திட்டமிட்ட ஆய்வு, பலன் தெரிந்ததும் 3.26 ஆண்டில் நிறுத்தப்பட்டது. நன்றாகத் தெரியும் நேரத்தில் நிறுத்தினால் பலன் கொஞ்சம் பெருத்துக் காட்டும்.

---

துடிப்பு

இதில் நான் உங்களோடு உடன்படவில்லை. ஐம்பது, நூறு நிகழ்வில் நிறுத்திய ஆய்வுக்கு அந்தக் கவலை பெரிது. 562 நிகழ்வுக்குப் பிறகு பெருக்கம் சிறிதாகத்தான் இருக்கும். ஆய்வு நின்ற பிறகு விடுபட்ட நிகழ்வுகளையும் சேர்த்து 2021-இல் வெளியிட்ட இறுதிக் கணக்கில் முதன்மை முடிவு 0.73, மரணம் 0.75. அசையவே இல்லை.

---

எண்ணாயிரம்

இறுதிக் கணக்கிலும் பெரும்பகுதி அதே நபர்கள், அதே காலம்தான். அதனால் நீங்கள் சொல்லும் அளவுக்கு அது தனிச்சாட்சி ஆகாது. சிறியது என்பதை ஏற்கிறேன், பூஜ்யம் என்பதை ஏற்க மாட்டேன். நிலாமதி, “திட்டமிட்டதற்கு முன்பே நிறுத்தப்பட்டது” என்ற மூன்று சொல்லைச் சேர்த்துவிடுங்கள், விளக்கம் வேண்டாம்.

---

திருத்தாளர்

விளக்கம் இல்லாமல் அந்த மூன்று சொல் போனால், ஏதோ தவறு நடந்து மூடிவிட்டார்கள் என்றுதான் பொது வாசகர் படிப்பார். “பலன் தெரிந்ததால், திட்டமிட்டதற்கு முன்பே” என்று காரணத்தோடு போடுங்கள்.

அமைப்பிலும் மாற்றம் வேண்டும். பிப்ரோட்டை மேலே கொண்டுவாருங்கள். பத்தியின் முக்கால் பாகம் இரண்டு ஆய்வுக்கும் தராசு பிடித்துவிட்டு, கடைசி வரியில் மூன்றாவதைச் சொன்னால், தீர்ந்துபோன பகுதியையும் தீராதது போலக் காட்டுகிறோம். முதலில் இன்றைய நிலை: இதய நிகழ்வுகள் குறைகின்றன, சர்க்கரை நோயாளிகளிடமும். அடுத்து, 2010-இல் ஏன் அப்படித் தெரியவில்லை. பிறகு இன்னும் தெளியாதது: மரணம். கூடவே பாதகமும் அளக்கும் முறையும்.

---

நிலாமதி

அப்படிச் செய்தால் கட்டுரையின் ஈர்ப்பே போய்விடுகிறதே! ‘இரண்டு ஆய்வு, இரண்டு முடிவு’ என்பதுதான் ஆசிரியர் குழுவுக்குப் பிடித்த தலைப்பு.

---

திருத்தாளர்

‘இரண்டு ஆய்வு, ஒரு கேள்வி’ என்று கொடுத்துப் பாருங்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் தலைப்பை அவர்கள் போடட்டும், முதல் பத்தியில் கை வைக்க விடாதீர்கள்.

---

கொய்யாமரம்

நான் இன்னிக்கு அஞ்சு நிமிஷம் சும்மா உட்கார்ந்துட்டு மூணு தடவை எடுத்தேன். 134, 129, 127. முதல் அளவைத் தூக்கிப் போட்டுடலாமா?

---

துடிப்பு

ஸ்பிரிண்டில் மூன்றையும் சேர்த்துத்தான் சராசரி. உங்களுக்கு 130 வருகிறது. ஒரு வாரம் காலையும் மாலையும் இப்படியே எடுத்து, எதையும் விடாமல் எழுதி, அந்தத் தாளை மருத்துவரிடம் கொடுங்கள்.